ஈ.கோலை எப்போது நோய்க்கிருமி ஆகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதுநிலை படிக்க வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். பேதியோடு சேர்க்கப்பட்டிருந்த ஒரு குழந்தையின் மல மாதிரியை மெக்கான்கி தட்டில் தீட்டி, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைத்திருந்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தட்டு நிறைய ரோஜா நிறக் காலனிகள். லாக்டோஸைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா அந்த நிறத்தில்தான் வளரும். மற்ற சோதனைகளையும் செய்து முடித்து, 'ஈ.கோலை வளர்ந்துள்ளது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துக்காக ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏம்ப்பா, நாளைக்கு உன்னோடதைத் தீட்டிப் பார், இதேதான் வளரும். இதுல நோய் எங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றைய உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

இந்தப் பாக்டீரியாவை முதலில் விவரித்தவர் தியோடோர் எஷெரிஷ் என்ற குழந்தை மருத்துவர். மியூனிக்கில் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை நாள்தோறும் ஆராய்ந்து, 1885இல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். நலமாக இருந்த குழந்தைகளிடமும் பிறந்த சில நாட்களுக்குள் இது குடியேறிவிடுவதைக் கண்டு, பெருங்குடலில் பொதுவாக வாழ்வது என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார். அவருடைய பெயரையே பேரினப் பெயராக்கி எஷெரிஷியா என்று 1919இல் அழைத்தவர்கள் கஸ்டெல்லானி, சாமர்ஸ் என்ற இருவர். இருவருமே அதற்கு முன் கொழும்பில் பணியாற்றிய மருத்துவர்கள். நம் பக்கத்துத் தீவில் இருந்து போனவர்கள் சூட்டிய பெயர் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன், வேறு காரணமில்லை.

குடலில் வாழும் பாக்டீரியாக்களில் ஈ.கோலையின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆக்சிஜன் பட்டாலே சாகும் இனங்கள்தான் அங்கே பெரும்பான்மை. ஆனால் ஆய்வகத் தட்டில் காற்றுப் படும்படி வளர்க்கும்போது அவை எழும்புவதில்லை. ஈ.கோலை எழும்பிவிடுகிறது. அதனால்தான் மலத்தைத் தீட்டினால் தட்டு முழுக்க அதுவே தெரிகிறது. அன்று நான் கண்டது நோயை அல்ல, என் தட்டின் பாரபட்சத்தை.

ஆனாலும் ஈ.கோலை பேதியை உண்டாக்கும் என்பதும் உண்மை. 1940களில் இங்கிலாந்தில் குழந்தைகள் வார்டுகளில் பரவிய கொடிய பேதியில், ஒரு குறிப்பிட்ட வகை ஈ.கோலை மட்டும் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஜான் பிரே 1945இல் அதை எழுதினார். தட்டில் பார்த்தால் அதுவும் சாதாரண ஈ.கோலைதான். மேலுறையின் வேதியியலை எதிர்ச்சீரம் கொண்டு சோதித்தால்தான் வேறுபட்டது. மேலுறை வகைக்கு ஓ எண், நீந்த உதவும் கசையிழைக்கு எச் எண் என்று பிறகு ஒரு முறை வந்தது. ஓ157:எச்7 என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இந்த இலக்கமிடல்தான். ஆனால் இலக்கம் முகவரி மட்டுமே. அந்த வீட்டில் இருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை முகவரி சொல்லாது.

தொழிலைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் பாக்டீரியாவைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு, மறுநாள் திறந்து பார்க்கும் முறையை அவர் 1953இல் காலராவுக்காக உருவாக்கினார். காலராக் கிருமி போன துண்டு நீர் கோத்து உப்பிப்போய் இருக்கும். வெறும் ஊட்டக் கரைசல் போன துண்டு தட்டையாகக் கிடக்கும். 1956இல் இதே முறையில், பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலையைச் சோதித்தார். சில வகைகள் காலராவைப் போலவே குடலை உப்ப வைத்தன. அதே பெயர், அதே ரோஜா நிறம். ஆனால் முயல் குடலுக்கு வித்தியாசம் தெரிந்தது. விலைகூடிய கருவி ஒன்றும் இல்லாமல், நூலும் ஊசியும் வைத்து இதைச் செய்தார். 1959இல் காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய கரைசலே குடலை உப்பவைக்கும் என்று காட்டி, காலரா நச்சு இருப்பதை நிறுவியவரும் அவரே. நம் மாணவர்கள் பலருக்கு இன்றும் அவர் பெயர் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்படியானால் சில ஈ.கோலைக்கு மட்டும் இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? விடை பன்றிக்குட்டிகளிடம் கிடைத்தது. பால்குடிக்கும் பன்றிக்குட்டிகளைக் கொல்லும் ஒரு பேதி உண்டு. அதற்குக் காரணமான ஈ.கோலையில் இரண்டு பிளாஸ்மிட்கள் இருந்தன. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதிக்கு வெளியே தனியாக இருக்கும் வட்ட வடிவ டி.என்.ஏ. துண்டு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியது. ஒரு பிளாஸ்மிட்டில் கே88 என்ற ஒட்டிழைக்கான மரபணு இருந்தது. இன்னொன்றில் குடல் நச்சுக்கான மரபணு. இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் லிங்குட்டும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றை ஒவ்வொன்றாக நீக்கியும் திரும்பச் சேர்த்தும் பார்த்தார்கள். ஒட்டிழைப் பிளாஸ்மிட்டை இழந்த பாக்டீரியா, நச்சு கையில் இருந்தும் நோய் தரும் ஆற்றலை இழந்தது. திரும்பக் கொடுத்ததும் ஆற்றல் மீண்டது. இரண்டும் சேர்ந்தபோதுதான் கடும் பேதி.

இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒட்டிக்கொள்ளக் கை வேண்டும், ஊற்றுவதற்கு நஞ்சு வேண்டும். சிறுகுடலில் உணவுக்கூழ் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரைப் பிடித்துக்கொள்ளாத பாக்டீரியா எவ்வளவு நஞ்சு சுரந்தாலும் அது ஓட்டத்தோடு போய்விடும். பிற்பாடு இன்னொரு செய்தியும் தெரிந்தது. சில பன்றிக்குட்டிகளின் குடல் செல்களில் கே88 பிடித்துக்கொள்வதற்கான ஏற்பி பிறவியிலேயே இல்லை. அவற்றுக்கு இந்த நோய் வருவதில்லை.

நோய்வகை என்று நாம் சொல்வது இதைத்தான். ஈ.கோலை என்ற இனம் ஒன்று. அது ஏற்றி வரும் சரக்கு வேறு வேறு. எந்தக் கை, எந்த நஞ்சு என்ற கூட்டணியை வைத்துத்தான் பிரிக்கிறோம். பாடநூல்கள் ஆறு வகை சொல்லும். நான் இங்கே இரண்டை மட்டும் விரித்துச் சொல்லி, பிறகு அந்தப் பட்டியலையே கலங்கவைத்த ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

முதல் வகை குடல் நச்சு ஈ.கோலை. வெளியூர்ப் பயணிகளுக்கு வரும் பேதியிலும், நம்மைப் போன்ற நாடுகளில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நீர்ப்பேதியிலும் பெரும்பங்கு இதற்கு. இதனிடம் இரண்டு நச்சுகள் இருக்கலாம். ஒன்று வெப்பத்தில் அழிவது. காலரா நச்சின் உடன்பிறப்பு. இன்னொன்று கொதிக்கவைத்தாலும் அழியாத சிறு புரதத் துண்டு. சில வகைகளில் ஒன்று மட்டும், சிலவற்றில் இரண்டும் இருக்கும்.

காலரா நச்சின் உடன்பிறப்பு என்ன செய்கிறது? குடல் செல்லுக்குள் ஒரு மின்விசைப் பொத்தான் போன்ற புரதம் இருக்கிறது. அழுத்தினால் வேலை தொடங்கும், சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். நச்சு அந்தப் புரதத்தில் ஒரு வேதித் துண்டை ஒட்டிவிடுகிறது. பிறகு பொத்தான் அணைவதே இல்லை. சுழல் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞைப் பொருள் செல்லுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. குளோரைடு செல்லிலிருந்து குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னால் சோடியமும் நீரும் போகின்றன. கொதியைத் தாங்கும் சிறு நச்சு வேறு வழியில், சுழல் ஜி.எம்.பி.யை ஏற்றி, இதே முடிவுக்குக் கொண்டுவருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செல் சாவதில்லை. நுண்ணோக்கியில் குடல் சுவர் ஏறக்குறைய முழுமையாகத் தெரியும். மலத்தில் இரத்தமோ சீதமோ இருக்காது, காய்ச்சலும் பெரிதாக இருக்காது. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதத்தை நச்சு தொடுவதே இல்லை. அதனால்தான் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த கரைசல் உயிரைக் காக்கிறது. கசிந்துபோகும் கதவு திறந்தே கிடந்தாலும், உள்ளே வரும் இன்னொரு கதவு வேலை செய்கிறது. நச்சு பட்ட செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அதுவரை நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். 1982இல் அமெரிக்காவின் ஆரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்குக் கடும் வயிற்றுவலி. பிறகு மலமே தெரியாத அளவு இரத்தம். காய்ச்சலோ மிகக் குறைவு. அவர்களிடம் கிடைத்ததுதான் ஓ157:எச்7. இதன் நஞ்சு ஷிகா நச்சு. சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்த ஜப்பானியர் கியோஷி ஷிகாவின் பெயர் அது. இந்த நச்சு செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் ஓர் அடெனினை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறது. ஒரே ஓர் எழுத்துப் போனதும் தொழிற்சாலை நின்றுவிடும், செல் செத்துவிடும். குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழையும் நச்சு சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்களைப் பிடிக்கிறது. அங்கே சிறு சிறு கட்டிகள் உறைகின்றன. அவற்றில் மோதிச் சிவப்பணுக்கள் உடைகின்றன, தட்டணுக்கள் குறைகின்றன, சிறுநீர் வற்றுகிறது. பேதி தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், அதாவது பேதி குணமாகிறது என்று வீட்டார் நிம்மதியடையும் நேரத்தில், இந்த இரத்தச்சிதைவு - சிறுநீரகச் செயலிழப்பு நோய் தலைகாட்டும். குழந்தை வெளிறிப்போவது, சிறுநீர் குறைவது, முகம் வீங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஷிகா நச்சுக்கான மரபணு பிளாஸ்மிட்டில் இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் மரபணுத் தொகுதியில் இருக்கிறது. ஃபேஜ் என்போம். அந்த வைரஸ் ஈ.கோலையின் டி.என்.ஏ.வுக்குள் தன்னை நுழைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருக்கும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குச் சேதம் வந்தால் விழித்துக்கொள்ளும். தன்னைப் பெருக்கும், கூடவே நச்சும் பெருகும். கடைசியில் பாக்டீரியாவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாக சிப்ரோஃபிளாக்சசின் போன்றவை, டி.என்.ஏ.வுக்குச் சேதம் செய்துதான் கிருமியைக் கொல்கின்றன. கிருமியைக் கொல்லப்போய் நஞ்சைத் திறந்துவிட்ட கதையாக முடியலாம். இந்த வகையில் ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது 2011க்கு வருகிறேன். மே 19 அன்று, ஹாம்பர்க் நகரில் மூன்று குழந்தைகளுக்கு இந்தச் சிறுநீரக நோய் ஒரே நேரத்தில் வந்திருப்பதாக பெர்லினின் ராபர்ட் கோக் நிறுவனத்துக்குத் தகவல் போனது. மறுநாளே குழு கிளம்பியது. போய்ப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருந்தது. வழக்கமாகக் குழந்தைகளுக்கு வரும் நோய், இங்கே பெரியவர்களை, அதிலும் பெண்களைத் தாக்கிக்கொண்டிருந்தது.

ஆய்வகத்திலும் ஒரு முடிச்சு. ஓ157ஐத் தேட உலகெங்கும் சார்பிட்டால் சேர்த்த மெக்கான்கி தட்டு வைத்திருந்தார்கள். ஓ157 சார்பிட்டாலைப் புளிக்கவைக்காது, நிறமற்றுத் தெரியும். இந்தக் கிருமியோ சார்பிட்டாலைப் புளிக்கவைத்தது. அந்தத் தட்டில் இது சாதுவான குடல்வாசியின் நிறத்தில் நின்றது. என் ஆசிரியரின் கேள்வி இங்கே வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது, பாருங்கள். நச்சு மரபணுவை பி.சி.ஆர். மூலம் நேரே தேடினால் மட்டுமே பிடிபட்டது. கை கொடுத்த இன்னொரு அடையாளம், பல ஆன்டிபயாடிக்குகளை எதிர்க்கும் அதன் திறன். மருந்து கலந்த தட்டில் மற்றவை செத்து இது தனித்து வளர்ந்தது.

எந்த உணவு? நோயாளிகளிடம் கேட்டால் தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ் என்றார்கள். மே 26 அன்று ஸ்பெயின் வெள்ளரிக்காயில் ஷிகா நச்சு ஈ.கோலை கிடைத்ததாக ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். சில நாட்களில் அது வேறு வகை என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் சரக்கு குப்பைக்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 21 கோடி யூரோ இழப்பீடு ஒதுக்க வேண்டி வந்தது. 'ஷிகா நச்சு ஈ.கோலை கிடைத்தது' என்பதும் 'இந்த நோயை உண்டாக்கிய ஈ.கோலை கிடைத்தது' என்பதும் ஒன்றல்ல. அவசரத்தில் அந்த இடைவெளியைத் தாண்டியதற்கு விலை அது.

உண்மையைக் கண்டறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே உணவகத்தில் குழுவாகச் சாப்பிட்ட 10 கூட்டத்தாரை, மொத்தம் 152 பேரை, எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 31 பேர் நோயுற்றிருந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்குப் பதில், என்ன வாங்கினீர்கள் என்று பில்லைப் பார்த்தார்கள். பிறகு சமையல்காரரிடம் போய், அந்தத் தட்டில் என்னென்ன எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டார்கள். விடை தெளிவாக வந்தது: முளைகட்டிய விதைகள் தூவிய தட்டைப் பெற்றவர்களுக்கு நோய் வர 14 மடங்கு வாய்ப்பு. 31 பேருக்கும் அது பரிமாறப்பட்டிருந்தது. தனியாக நடந்த விசாரணையிலோ, நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குத்தான் முளைவிதை சாப்பிட்ட நினைவு இருந்தது. அலங்காரமாக மேலே தூவியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நம் வீட்டில் தோசையைக் கேட்டால் சொல்வோம், தாளித்த கறிவேப்பிலையைச் சொல்வோமா?

கீழ் சாக்சனியில் முளைவிதை வளர்க்கும் ஒரு பண்ணையை அடைந்தார்கள். ஜூன் 10 அன்று வெள்ளரி மீதான எச்சரிக்கையை விலக்கி முளைவிதை மீது வைத்தார்கள். அதே மாதம் பிரான்சின் பொர்தோ நகர் அருகே, அந்தப் பண்ணையோடு தொடர்பே இல்லாத சிலருக்கு அதே கிருமி வந்தது. அவர்கள் சாப்பிட்டதும் முளைவிதைதான், ஆனால் உள்ளூரில் முளைக்கவைத்தது. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து 2009இல் இறக்குமதியான ஒரு விதைச் சரக்கு. வெந்தயம்.

உலர்ந்த விதையில் நாலைந்து கிருமிகள் மாதக்கணக்கில் கிடக்கலாம், ஒன்றும் ஆகாது. முளைகட்டும்போது ஈரமும் வெதுவெதுப்பும் சத்தும் நாட்கணக்கில் கிடைக்கின்றன. நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். முளைக்கவைப்பதற்கும் கிருமி வளர்ப்பதற்கும் பக்குவம் ஒன்றே.

ஜூன் முதல் வாரத்திலேயே கிருமியின் முழு மரபணு வரிசை இணையத்தில் வெளியாகி, பல நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் படித்தார்கள். வந்த விடை பாடநூலைத் திருத்த வைத்தது. கிருமி ஓ104:எச்4. உடம்பு, திரள் ஒட்டும் ஈ.கோலை என்ற வகையைச் சேர்ந்தது. செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் மேல் படிந்து, குழந்தைகளுக்கு நாள்பட்ட பேதி தரும் வகை அது. ஷிகா நச்சு சுரக்கும் என்று யாரும் எதிர்பார்க்காதது. அதற்குள் ஷிகா நச்சு ஃபேஜ் நுழைந்திருந்தது. மருந்து எதிர்ப்புப் பிளாஸ்மிட் ஒன்றும் கூடவே இருந்தது. மூன்று வெவ்வேறு இடத்துச் சரக்கு ஒரே வண்டியில். ஓ157 பிடித்துக்கொள்ளப் பயன்படுத்தும் கை இதில் இல்லவே இல்லை. வேறொரு கையால் குடல் சுவரைப் பலமாகப் பற்றிக்கொண்டு அதே நஞ்சை ஊற்றியது. பெரியவர்களிடமும் ஐந்தில் ஒருவருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதற்கு இந்தக் கூட்டணி காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஜூலை 26 அன்று பரவல் முடிந்ததாக அறிவித்தபோது, ஜெர்மனியில் நோயுற்றவர்கள் 3,800க்கும் மேல். 50க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

இதற்குப் பிறகு நோய்வகைப் பட்டியலைச் சுவரில் அடித்த ஆணிபோல் நினைக்க முடியாது. மாணவர்களே, தேர்வுக்கு அந்த ஆறு பெயர்களையும் படியுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆய்வகத்தில் உட்காரும்போது பெயரைத் தேடாதீர்கள். கையைத் தேடுங்கள், நஞ்சைத் தேடுங்கள். இரத்தபேதி என்று வந்த மாதிரியில் ஷிகா நச்சுக்கான சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், தட்டணு எண்ணிக்கையையும் கிரியேட்டினினையும் ஒரு வாரத்துக்கு விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லி மருத்துவருக்கு எழுதுங்கள். வெறுமனே 'ஈ.கோலை வளர்ந்துள்ளது' என்று எழுதி அனுப்பாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முளைகட்டிய வெந்தயமும் பயறும் நமக்குப் பழகிய உணவு. சுண்டலாக வேகவைத்தோ ஆவியில் வைத்தோ சாப்பிடுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். கழுவினால் போதும் என்று நினைக்க வேண்டாம், விதையின் வெடிப்புக்குள் இருப்பது கழுவினால் போகாது. சோதனையையும் நம்பியிருக்க முடியாது: அந்த எகிப்திய வெந்தயத்தை எத்தனையோ முறை சோதித்தார்கள். ஒரு விதையிலும் ஓ104:எச்4 கிடைக்கவில்லை.